முதலீடா, டிரேடிங்கா: கால அளவையும் செலவையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கும் வழி

ஒரே நிறுவனத்தின் பங்கை ஒரே காலையில் இருவர் வாங்குகிறார்கள். ஒருவர் பிற்பகலுக்குள் விற்றுவிடுகிறார். மற்றவர் பதினைந்து ஆண்டுகள் வைத்திருக்கிறார். வாங்கிய பொருளும் கொடுத்த விலையும் ஒன்றுதான் என்றாலும் அவர்கள் செய்தது ஒரே செயல் அல்ல. முன்னவருக்கு லாபம் வர வேண்டுமானால், சில மணி நேரத்துக்குள் வேறொருவர் அதே பங்கைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். பின்னவருக்கோ அந்த நிறுவனம் ஆண்டுதோறும் ஈட்டும் லாபமும், அதில் ஒரு பகுதி டிவிடெண்டாகக் கைக்கு வருவதும், மீதி தொழிலிலேயே திரும்பப் போடப்பட்டு வளர்வதும்தான் வருமானத்தின் ஊற்று. டிரேடிங் என்பது விலை வித்தியாசத்தில் சம்பாதிக்க முயல்வது. முதலீடு என்பது ஒரு தொழிலின் வருவாயில் பங்கு பெறுவது. புதிதாக வருபவர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் மனப்பான்மை சார்ந்ததாகவே கேள்விப்படுகிறார்கள்: பொறுமையுள்ளவர் முதலீட்டாளர், துணிச்சலுள்ளவர் டிரேடர் என்பது போல. எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. காகிதமும் பேனாவும் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வேறுபாடு இருக்கிறது. அது செலவு எந்தக் கால அளவின்மேல் விழுகிறது என்பது. அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறையைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. தொகைகளை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: விற்பதற்கான காரணத்தை வாங்கும் முன்பே எழுதுங்கள்

ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: இதை எப்போது, எதனால் விற்பேன்? "விலை இத்தனை சதவீதம் ஏறினால் அல்லது இறங்கினால் விற்பேன்" என்பது பதிலானால் அது டிரேடிங். "நிறுவனத்தின் தொழில் நான் கணித்தபடி நடக்காவிட்டால், அல்லது இந்தப் பணம் எனக்குத் தேவைப்படும் ஆண்டு வந்தால் விற்பேன்" என்பது பதிலானால் அது முதலீடு. இரண்டில் எதுவும் குற்றமில்லை. ஆனால் ஒன்றாகத் தொடங்கியது நட்டம் வந்தபின் மற்றொன்றாக மாறுவதுதான் பெரும்பாலான கணக்குகளில் நடக்கும் கோளாறு. மூன்று நாளில் விற்கும் எண்ணத்துடன் வாங்கிய பங்கு எட்டு சதவீதம் இறங்கியதும், "நல்ல நிறுவனம்தானே, இருக்கட்டும்" என்று அது திடீரென நீண்டகால முதலீடாகிவிடுகிறது. அந்த நிறுவனத்தின் கணக்கறிக்கையை அவர் அதுவரை திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கோளாறு உங்களிடம் இருக்கிறதா என்று கண்டறிவது எளிது. கடந்த ஓராண்டில் நீங்கள் விற்ற பங்குகளை லாபத்தில் விற்றவை, நட்டத்தில் விற்றவை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் சராசரியாக எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். லாபத்தில் விற்றவை சில நாட்களும், நட்டத்தில் விற்றவை பல மாதங்களும் கையில் இருந்திருந்தால், திட்டம் ஒன்று இருந்தும் அதை விலையே திருத்தி எழுதியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: ஒரு முறை போய்வரும் செலவைக் கண்டுபிடியுங்கள்

வாங்குவதும் அதையே திரும்ப விற்பதும் சேர்ந்தது ஒரு சுற்று. கட்டணங்களை எப்போதும் இந்த முழுச் சுற்றுக்கே கணக்கிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் பார்த்தால் பாதி மறைந்துபோகும். இதில் எல்லோர் கண்ணிலும் படுவது புரோக்கர் கட்டணமும், சந்தைக் கட்டணமும், பரிவர்த்தனை வரி இருக்கும் இடத்தில் அந்த வரியும்தான். இவை புரோக்கர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பில் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். நம் எடுத்துக்காட்டில் இவை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 0.05 சதவீதம் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.1 சதவீதம்.

எந்தக் குறிப்பிலும் அச்சாகாத செலவு ஒன்று உண்டு. ஆர்டர் திரையில் ஒரு பங்குக்கு எந்நேரமும் இரண்டு விலைகள் தெரியும்: வாங்கக் காத்திருப்பவர்கள் தரத் தயாரான அதிகபட்ச விலை, விற்கக் காத்திருப்பவர்கள் ஏற்கத் தயாரான குறைந்தபட்ச விலை. முதலாவது 99.95, இரண்டாவது 100.05 என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு, கிடைக்கும் விலைக்கே உடனே நிறைவேறும் மார்க்கெட் ஆர்டரில் வாங்குபவர் 100.05 கொடுப்பார், வாங்கிய மறுநொடியே மனம் மாறி விற்றால் 99.95தான் கிடைக்கும். சந்தை அசையவே இல்லை, ஆனால் 0.10 போய்விட்டது. இந்த இடைவெளியைத்தான் ஸ்ப்ரெட் என்கிறார்கள். விலை 100 என்பதால் இதுவும் 0.1 சதவீதம். ஆக, நம் எடுத்துக்காட்டில் ஒரு சுற்றின் மொத்தச் செலவு 0.2 சதவீதம்.

"கட்டணமே கிடையாது" என்று விளம்பரம் செய்யும் சேவைகளிலும் இந்த ஸ்ப்ரெட் அப்படியே இருக்கும். அந்தப் பூஜ்யம் புரோக்கர் கட்டணத்துக்கு மட்டுமே பொருந்தும். வாங்கும் அளவு பெரிதானால் செலவு இன்னும் கூடும். 3,000 பங்குகள் வேண்டும், ஆனால் 100.05 விலைக்கு 800 பங்குகளும், 100.10 விலைக்கு 1,200 பங்குகளும், அதற்கு மேல் 100.20 விலைக்குத்தான் மீதியும் கிடைக்கின்றன என்றால், மார்க்கெட் ஆர்டர் மூன்று படிகளையும் தாண்டி ஏறும். சராசரி விலை 100.12 ஆகிவிடும். திரையில் பார்த்த விலைக்கும் கணக்கில் விழுந்த விலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஸ்லிப்பேஜ் என்று சொல்வார்கள். தினமும் குறைவாகவே கைமாறும் சிறிய நிறுவனங்களின் பங்குகளில் ஸ்ப்ரெட்டும் ஸ்லிப்பேஜும் சேர்ந்து, புரோக்கர் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும்.

விலையை நாமே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் ஸ்ப்ரெட்டை மிச்சப்படுத்தலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். ஆனால் 99.95க்கு வாங்கக் காத்திருக்கும் உங்கள் ஆர்டர், விலை இறங்கும்போதுதான் பெரும்பாலும் நிறைவேறும். ஏறிப்போகும் பங்கு உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும். அதனால் மிச்சமானதுபோல் தோன்றுவதில் ஒரு பகுதி தவறிய வாய்ப்புகளாகத் திரும்பிவிடுகிறது.

மூன்றாம் படி: உங்கள் கால அளவில் விலை எவ்வளவு அசையும் என்று பாருங்கள்

0.2 சதவீதம் என்பது பெரியதா, சிறியதா? இதற்குத் தனியாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கும் விலை அசைவோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். விலை அசைவு காலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு நாள் ஏறியது மறுநாள் இறங்குவதால் அசைவுகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதனால் அசைவின் அளவு ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது: நான்கு மடங்கு காலம் காத்திருந்தால் இரண்டு மடங்கு அசைவும், நூறு மடங்கு காலம் காத்திருந்தால் பத்து மடங்கு அசைவும் கிடைக்கும். இது துல்லியமான விதி அல்ல, பெரும் சரிவுக் காலங்களில் பிசகும். ஆனால் இந்தக் கணக்குக்கு இது போதும்.

ஒரு பங்கு ஒரு நாளில் வழக்கமாக 1 சதவீதம் அசைகிறது என்று கொள்வோம். ஏறக்குறைய 21 வர்த்தக நாட்கள் கொண்ட ஒரு மாதத்தில் அது 4.6 சதவீதமும், ஏறக்குறைய 252 நாட்கள் கொண்ட ஓராண்டில் 16 சதவீதமும் அசையும். மறுபக்கம், ஒரு வர்த்தக நாளைப் பதின்மூன்று அரைமணிகளாகப் பிரித்தால், ஓர் அரைமணியில் 0.28 சதவீதம்தான் அசையும். ஆனால் அரைமணியில் விற்றாலும் ஓராண்டு கழித்து விற்றாலும் ஒரு சுற்றின் செலவு அதே 0.2 சதவீதம். அரைமணியில் அந்தச் செலவு விலை அசைவின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஓராண்டில் அது எண்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

நான்காம் படி: எத்தனை முறை சரியாகக் கணித்தால் நட்டம் இல்லாமல் தப்பலாம்

சரியாகக் கணித்தால் வழக்கமான அசைவு அளவுக்கு லாபம், தவறினால் அதே அளவு நட்டம் என்று வைத்துக்கொள்வோம். செலவே இல்லாவிட்டால் நூற்றுக்கு ஐம்பது முறை சரியாக இருந்தால் போதும். செலவு இருக்கும்போது தேவைப்படும் வெற்றி விகிதத்தைக் காண ஒரு சிறிய சூத்திரம் உண்டு: செலவை விலை அசைவின் இரண்டு மடங்கால் வகுத்து, பாதியோடு கூட்ட வேண்டும்.

ஒரு நாள் வைத்திருப்பவருக்கு 0.2 வகுத்தல் 2 என்பது 0.1; பாதியோடு கூட்டினால் 0.6. அதாவது நூற்றுக்கு அறுபது முறை சரியாகக் கணித்தால்தான் நட்டமில்லாமல் நிற்க முடியும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. அரைமணி டிரேடருக்கு இதே கணக்கு ஏறத்தாழ 86 என்கிறது. ஒரு மாதம் வைத்திருப்பவருக்கு 52 சொச்சம். ஓராண்டுக்கு 50.6. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையே உள்ள தூரம் காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம், ஆனால் மறுமுனையில் அதே பங்கை வாங்கவோ விற்கவோ உட்கார்ந்திருப்பவர் அந்தத் தொழிலை முழுநேரமாக, உங்களைவிட வேகமான கருவிகளோடு செய்பவராக இருக்கக்கூடும்.

லாபத்தை நட்டத்தைவிட இரண்டு மடங்காக வைத்துக்கொண்டால் குறைந்த வெற்றி விகிதமே போதுமே என்பது பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் பதில். அது உண்மையும்கூட, ஆனால் இலக்கை இரண்டு மடங்கு தொலைவில் வைத்தால், விலை அதைத் தொடும் முன் நட்ட எல்லையைத் தொட்டுவிடும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. திறமை இல்லாத இடத்தில் விகிதத்தை மாற்றுவதால் செலவு ஒருபோதும் மறைவதில்லை.

ஐந்தாம் படி: சுற்றுகளை எண்ணி ஆண்டுச் செலவாக மாற்றுங்கள்

1,00,000 பணம், செலவுக்கு முன் ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி, பத்து ஆண்டுகள் என்று ஒரு கணக்கு எடுப்போம். எல்லோருடைய திறமையும் ஒன்றே. சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. பத்து ஆண்டுக்கும் சேர்த்து ஒரே சுற்று போகிறவரிடம் கடைசியில் ஏறத்தாழ 2,15,500 இருக்கும். முழுத் தொகையையும் மாதம் ஒரு சுற்று விடுபவரிடம் 1,69,800 இருக்கும். வாரத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு ஐம்பது சுற்றுகள் விடுபவரிடம் 79,300தான் மிஞ்சும். சந்தை ஆண்டுக்கு எட்டு சதவீதம் கொடுத்தும் அவர் போட்ட பணத்தைவிடக் குறைவு. நாள்தோறும் ஒரு சுற்று விடுபவர் முதலாண்டு முடிவிலேயே 65,200க்கு வந்துவிடுவார். இவர்கள் எவரும் தவறாகக் கணித்ததாக நான் கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடன் வாங்கி டிரேடிங் செய்தால் இதே கணக்கு இன்னும் கடுமையாகும். சொந்தப் பணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு வாங்கினால், 0.2 சதவீதச் செலவு சொந்தப் பணத்தின் மேல் 1 சதவீதமாக விழும். இரவு தாண்டி வைத்திருந்தால் கடனுக்கான வட்டியும் அதோடு சேரும்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒரு பெரிய தள்ளுபடி புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான பரிவர்த்தனைகளைப் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்கள் செலவு போக ஆண்டுக்கு 11.4 சதவீதம் ஈட்டின; அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவீதம். செலவுக்கு முந்திய வருவாயில் அதிகம் வாங்கி விற்றவர்களுக்கும் குறைவாக வாங்கி விற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் மோசமான பங்குகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்ததை அடிக்கடி மாற்றினார்கள். அன்றைய புரோக்கர் கட்டணம் இன்றுள்ளதைவிட மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் கட்டணம் குறைந்த காலத்தையும் பார்க்கலாம்: பிரேசிலில் 2013 முதல் 2015 வரை ஃபியூச்சர்ஸ் எனப்படும் பங்குக் குறியீட்டு முன்பேர ஒப்பந்தங்களில் தினசரி டிரேடிங்கைத் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், 300 நாட்களுக்கு மேல் விடாமல் தொடர்ந்தவர்களில் 97 சதவீதத்தினர் நட்டமே அடைந்திருந்தனர். ஒரு சுற்றின் செலவு குறையக் குறைய, மக்கள் சுற்றுகளைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

ஆறாம் படி: நீண்ட காலத்துக்கு உரிய செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள்

நீண்ட காலம் வைத்திருப்பவர் செலவிலிருந்து தப்பிவிடுகிறார் என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. அவர்மேல் விழும் செலவு ஆண்டுக்கணக்கில் ஓடுவது. ஒரு முதலீட்டு நிதி ஆண்டுக்கு 1 சதவீதம் நிர்வாகக் கட்டணம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் யாரும் அதைப்பற்றிக் கோபப்படுவதும் இல்லை. ஆனால் 8 சதவீத வளர்ச்சி 7 சதவீதமாகக் குறைந்தால், முப்பது ஆண்டு முடிவில் 1,00,000 என்பது 10,06,000 ஆவதற்குப் பதிலாக 7,61,000 ஆகிறது. இறுதித் தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே டிரேடிங் செய்பவர் ஒரு சுற்றுக்கான சதவீதத்தையும், முதலீட்டாளர் ஓராண்டுக்கான சதவீதத்தையும் பார்க்க வேண்டும். இருவரும் ஒருவர் பார்க்க வேண்டிய எண்ணை மற்றவர் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்: ஆண்டுக்கு இருமுறை வாங்குபவர் புரோக்கர் கட்டணத்தில் பைசாக் கணக்குப் பார்ப்பார்; தினமும் டிரேடிங் செய்பவர் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இல்லை என்று மகிழ்வார்.

வரியும் கால அளவைப் பொறுத்ததுதான். பல நாடுகளில் விலை ஏற்றத்தால் வரும் லாபத்துக்கு விற்கும்போதுதான் வரி. விற்காதவரை வரியாகப் போக வேண்டிய தொகையும் உங்களுக்காகவே வளர்ந்துகொண்டிருக்கும். வரி 20 சதவீதம், வளர்ச்சி 8 சதவீதம், காலம் இருபது ஆண்டுகள் என்றால், கடைசியில் ஒரேயொரு முறை விற்று வரி கட்டுபவரிடம் 3,92,900 நிற்கும். ஆண்டுதோறும் விற்று வரி கட்டி மறுபடி வாங்குபவரிடம் 3,45,800 நிற்கும். வரி விகிதம் ஒன்றே, கட்டும் நேரம் மட்டும் வேறு. குறுகிய காலத்தில் விற்றால் விகிதத்தையே கூட்டும் நாடுகளில் இந்த இடைவெளி இன்னும் அகலும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப்பார்க்க வேண்டும்.

நீண்ட காலத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. காலம் செலவின் பங்கைக் குறைக்கும், ஆனால் வாங்கிய விலை மிகையாக இருந்தால் அதைச் சரிசெய்து தர அதற்குக் கடமை எதுவும் இல்லை. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் எட்டிய உச்சத்தை மறுபடியும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். தனியொரு நிறுவனமானால் திரும்பி வராமலே போகலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தை, "நீண்டகால முதலீடு" என்ற பெயரில் பங்குகளில் வைப்பதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் கணக்கும் ஆதரவு தராது.

ஏழாம் படி: டிரேடிங் செய்துதான் பார்ப்பது என்றால், சோதனையாகச் செய்யுங்கள்

இத்தனைக்குப் பிறகும் டிரேடிங் செய்து பார்க்க விரும்புபவர், முதலீட்டுப் பணத்திலிருந்து முற்றிலும் பிரித்த ஒரு தனிக் கணக்கில், போனாலும் வாழ்க்கை பாதிக்காத தொகையில் தொடங்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து விவரங்கள் குறிக்க வேண்டும்: ஆர்டர் போட்ட நொடியில் திரையில் இருந்த இரு விலைகள், நிறைவேறிய விலை, மொத்தக் கட்டணம், வைத்திருந்த நேரம், செலவுக்கு முந்திய லாபநட்டம். மாத இறுதியில் செலவுக்கு முந்திய தொகையையும் பிந்திய தொகையையும் அருகருகே எழுதுங்கள். முந்தியது லாபமாகவும் பிந்தியது நட்டமாகவும் இருந்தால், கணிப்பில் ஏதோ இருக்கிறது, கால அளவு மட்டும் மிகக் குறுகியது என்று கொண்டு, நாள்களை வாரங்களாக நீட்டிப் பார்க்க இடமுண்டு. இரண்டுமே நட்டமானால் கால அளவை நீட்டுவதால் பயனில்லை. கணிப்பிலேயே சரக்கு இல்லை.

லாபம் வந்தாலும் அவசரப்பட்டுத் தொகையைக் கூட்ட வேண்டாம். நூறு சுற்றுகளில் ஐம்பத்தைந்து முறை வென்றுவிட்டேன் என்பது பெரிய சாதனையாகத் தோன்றும். ஆனால் நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பவருக்கும் ஐம்பத்தைந்தோ அதற்கு மேலோ வர ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. அறுபதோ அதற்கு மேலோ வரும் வாய்ப்புதான் 3 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அதுவும் ஒரே விதியைக் கடைப்பிடித்த நூறு சுற்றுகளுக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் விதியை மாற்றியிருந்தால், மாற்றிய இடத்திலிருந்து எண்ணிக்கையை மறுபடியும் ஒன்று என்று தொடங்க வேண்டும்.